உதவித்தொகைப் பட்டியலைச் சரிபார்ப்பது எப்படி: கூட்டுத்தொகையை மட்டும் நம்பாதீர்கள்

மாதத் தொகை, தகுதியான மாதங்கள், பிடித்தம், மொத்தம் என நாலே நாலு எண்கள்தான் ஒரு மாணவருக்கு. பலரும் கடைசி வரியிலிருக்கும் கூட்டுத்தொகை அனுமதித்த தொகையோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். அது ஏன் போதாது என்பதை ஐந்து மாணவர்கள் கொண்ட ஒரு சிறிய பட்டியலை வைத்துப் பார்க்கலாம். முதல் வரி தலைப்பு, மாணவர்கள் 2 முதல் 6 வரையிலான வரிகளில்.

| A பதிவெண் | B மாதத் தொகை | C மாதங்கள் | D பிடித்தம் | E மொத்தம் |
|---|---|---|---|---|
| 101 | 5000 | 10 | 2000 | 48000 |
| 102 | 5000 | 10 | 0 | 50000 |
| 103 | 8000 | 6 | 1500 | 46500 |
| 104 | 5000 | 7 | 500 | 35000 |
| 105 | 8000 | 10 | 500 | 79000 |

படி 1: பிடித்தம் எந்த வகை?

ஃபார்முலாவைத் தொடுவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். D-இல் இருப்பது ஒருமுறை மட்டும் பிடிப்பதா, மாதாமாதம் பிடிப்பதா? 101-க்கு 2000 ஒருமுறை என்றால் 48000 கிடைக்கும். மாதாமாதம் என்றால் 3000 வீதம் பத்து மாதத்துக்கு 30000தான். தலைப்பில் வெறும் ‘பிடித்தம்’ என்றிருந்தால் ஷீட்டைப் பார்த்து ஊகிக்க வழியில்லை. தயாரித்தவரிடமோ உத்தரவிலோதான் விடை இருக்கும். இங்கே ஒருமுறைப் பிடித்தம் என்றே வைத்துக்கொள்வோம்.

படி 2: நீங்களே கணக்கிடுங்கள்

மூலக் கோப்பை அப்படியே விட்டுவிட்டு ஒரு நகல் எடுங்கள். E-இல் இருப்பதை அழிக்காமல், பக்கத்தில் இரண்டு நெடுவரிசை சேருங்கள். F2-இல் உங்கள் கணக்கு, G2-இல் வித்தியாசம்:

```
F2:  =B2*C2-D2
G2:  =E2-F2
```

இரண்டையும் 6-ஆம் வரி வரை இழுத்துவிடுங்கள். பிடித்தத்தை யாராவது -500 என மைனஸ் குறியோடு போட்டிருந்தால் இந்த ஃபார்முலா கழிப்பதற்குப் பதில் கூட்டிவிடும். ஆகவே D-ஐ ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

படி 3: G-ஐ வரி வரியாகப் பாருங்கள்

முதல் மூன்று வரியிலும் 0. 104-க்கு 500, 105-க்கு -500. அதாவது 104-க்கு 34500 வர வேண்டியது 35000 ஆகியிருக்கிறது; 105-க்கு 79500 வர வேண்டியது 79000 ஆகியிருக்கிறது. ஒருவருடைய பிடித்தம் விட்டுப்போய், அடுத்தவருக்கு இரண்டு தடவை விழுந்த மாதிரி.

இப்போது E-இன் கூட்டுத்தொகை 258500. F-இன் கூட்டுத்தொகையும் அதே 258500! ஒரு பிழை இன்னொன்றை விழுங்கிவிட்டது. G-ஐக் கூட்டினாலும் பூஜ்யம்தான் வரும். தவறான வரிகளை எண்ண இதைப் போடுங்கள்:

```
=COUNTIF(G2:G6,"<>0")
```

இங்கே விடை 2. ஆயிரம் வரி இருந்தாலும் இந்த ஒரு செல் சொல்லிவிடும்.

படி 4: எண் போலத் தெரியும் எழுத்து

எனக்குப் பிடிக்காத கோளாறு இதுதான். வேறொரு கோப்பிலிருந்து ஒட்டிய எண் சில நேரம் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கும். எக்செலில் கழித்தல், பெருக்கல் குறிகள் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளும், அதனால் G எதையும் காட்டாது. SUM மட்டும் அதைத் தாண்டிப் போய்விடும். E6 எழுத்தாக இருந்தால் கூட்டுத்தொகை 179500 என்று குறையும். தனியாக அமைப்பு எதுவும் செய்யாத செல்லில் எண் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். உறுதியாகத் தெரிய `=COUNT(E2:E6)` போடுங்கள். 5 வரவில்லையென்றால் ஏதோ ஒன்று எண்ணே இல்லை. B, C, D-க்கும் இதையே செய்யுங்கள்.

படி 5: மாதங்கள்

இதுவரை செய்த சோதனை எதுவும் C தவறாக இருந்தால் பிடிக்காது. தவறான 6-ஐப் பெருக்கினாலும் கணக்கு சரியாகத்தான் வரும். அதனால் சேர்ந்த மாதம், முடியும் மாதம் இரண்டையும் சேர்க்கைப் பதிவேட்டில் பாருங்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை என்றால் இரண்டு முனையும் சேர்த்து 7. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து 6 என்று போடுவதுதான் வழக்கமான தவறு. தொடக்கத் தேதி H-இலும் முடியும் தேதி I-இலும் இருந்தால்:

```
=(YEAR(I2)-YEAR(H2))*12+MONTH(I2)-MONTH(H2)+1
```

மாதத்தின் நடுவில் சேர்ந்தவருக்கு அந்த மாதம் முழுதாக உண்டா என்பதைத் திட்ட விதிதான் முடிவு செய்யும், ஃபார்முலா அல்ல.

பிழையைக் கண்ட வரியை நீங்களே திருத்திவிடாதீர்கள். பதிவெண், இருக்கும் தொகை, வர வேண்டிய தொகை, காரணம் ஆகியவற்றை எழுதித் தயாரித்தவருக்கே அனுப்புங்கள். திருத்தி வந்த ஷீட்டில் F, G இரண்டையும் புதிதாகப் போட்டுப் பாருங்கள்.