ஜாமீன் பத்திரத்தில் முதலில் பார்க்க வேண்டிய வரி

உறவினர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடும் முன், பத்திரத்தில் 'இனி வாங்கும் கடன்களுக்கும்' என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை நீக்கி, இந்த ஒரு கடனுக்கு மட்டும், இவ்வளவு தொகை வரை என்று எழுதி வாங்குங்கள்.

தம்பி 5 லட்சம் வாங்கி, அசலில் 3 லட்சம் அடைத்துவிட்டார், அப்புறம் புதிதாக 4 லட்சம் வாங்குகிறார் என்று வையுங்கள். அந்த வாசகம் இருந்தால் 6 லட்சமும் வட்டியும் உங்கள் தலையில்தான். நீக்கியிருந்தால் பழைய 2 லட்சமும் அதன் வட்டியும் மட்டுமே. தம்பியை முதலில் துரத்தாமல் நேராக உங்களிடமே வசூலிக்கப் பெரும்பாலான பத்திரங்கள் இடம் கொடுக்கின்றன, அதனால் இந்த வித்தியாசம் பெரியது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று என்றால் இது உதவாது. எழுத்து மூலம் விலகினாலும், பொதுவாக அதற்குப் பிறகு கொடுக்கும் கடனிலிருந்துதான் தப்பலாம். பழைய பாக்கி அப்படியே நிற்கும்.