லியாபுனோவ் சார்பு: வகைக்கெழுவின் குறி சரியாக வந்த பிறகும் நிரூபணம் சறுக்கும் இடங்கள்

உராய்வுள்ள ஊசலை எடுத்துக்கொள்வோம். x1 என்பது ஊசல் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம், x2 அதன் கோண வேகம். நிறை, நீளம் போன்ற மாறிலிகளை 1 ஆக்கிவிட்டால் மிஞ்சுவது இவ்வளவுதான்:

```
x1' = x2
x2' = -sin x1 - b*x2      (b > 0)
```

இதன் தீர்வை எளிய சார்புகளால் எழுதிவிட முடியாது. எழுதத் தேவையில்லை என்பதைத்தான் லியாபுனோவ் 1892-இல் தன் ஆய்வேட்டில் காட்டினார். சமநிலைப் புள்ளியில் பூஜ்யமாகவும் அதைச் சுற்றி மற்ற எல்லா இடத்திலும் நேர்மமாகவும் இருக்கும் ஒரு சார்பு V கிடைத்து, பாதைகளின் வழியே அது கூடாமலும் இருந்தால், சமநிலை நிலையானது. அருகில் தொடங்கிய பாதை அருகிலேயே இருக்கும் என்பதுதான் இங்கே ‘நிலையானது’ என்பதன் பொருள். V-இன் மாற்ற வீதத்தைக் கணக்கிடவும் தீர்வு வேண்டாம். V-ஐ x1, x2 வழியே தனித்தனியாக வகையிட்டு, சமன்பாடுகளின் வலப்பக்கங்களால் பெருக்கிக் கூட்டினால் போதும்.

ஊசலுக்கு முதலில் கைக்கு வருவது அதன் ஆற்றல்:

```
V  = (1 - cos x1) + x2^2/2
V' = x2*sin x1 + x2*(-sin x1 - b*x2) = -b*x2^2
```

இரண்டே வரி. இதுவரை பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை. நிரூபித்ததைவிடக் கூடுதலாக ஒன்றை அடுத்த வரியில் எழுதிவிடும்போதுதான் தவறு வருகிறது.

V சரிவரவில்லை என்பதால் சமநிலை நிலையற்றது ஆகாது

ஆற்றல் நினைவுக்கு வராத ஒருவர், வழக்கமான இருபடிக் கோவையை வைத்துப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

```
V  = (x1^2 + x2^2)/2
V' = x2*(x1 - sin x1) - b*x2^2
```

b = 1, x1 = 1, x2 = 0.05 என்று போட்டுப் பாருங்கள். முதல் உறுப்பு சுமார் 0.0079, இரண்டாவது 0.0025. V' நேர்மமாக வருகிறது. சமநிலைப் புள்ளிக்கு இன்னும் நெருங்கிப் போனாலும் இதிலிருந்து தப்ப முடியாது. x1 சிறியதாக இருக்கும்போது x1 - sin x1 ஏறத்தாழ x1³/6. ஆகவே x2 அதைவிடச் சிறிய நேர்ம எண்ணாக இருக்கும் இடமெல்லாம் V' நேர்மம்தான். இதைப் பார்த்து ‘ஊசலின் கீழ்நிலை நிலையற்றது’ என்று எழுதினால் அபத்தம். உராய்வுள்ள ஊசல் தொங்கி நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

லியாபுனோவ் தேற்றம் ஒருவழிப் பாதை. பொருத்தமான V கிடைத்தால் நிலைத்தன்மை உண்டு. உங்கள் V பொருந்தவில்லை என்றால் அந்த V பொருந்தவில்லை, அவ்வளவே. நிலையற்றது என்று நிரூபிக்கச் செட்டாயேவ் தேற்றம் போல வேறு கருவிகள் இருக்கின்றன.

இந்த V ஏன் வழுக்கியது என்பதையும் பார்த்துவிடலாம். சமநிலைக்கு அருகே sin x1-க்குப் பதில் x1 என்று போட்டு நேரியலாக்கினால் ஓர் அணி A கிடைக்கும். பலர் V = xᵀPx என்று எழுதும்போது வரும் P என்ற அணியைத் தாங்களே ஊகித்து, AᵀP + PA-இன் குறியைப் பார்க்கிறார்கள். செய்ய வேண்டியது தலைகீழ்: வலப்பக்கத்தில் -Q-ஐ (பெரும்பாலும் Q = I) முதலில் வைத்துக்கொண்டு P-க்குத் தீர்க்க வேண்டும். A-இன் ஐகன் மதிப்புகள் எல்லாம் இடப்பாதித் தளத்தில் இருந்தால் P கட்டாயம் நேர்மமாகவே வரும், ஊகத்துக்கு வேலையில்லை. b = 1 என்றால்:

```
A = [ 0  1; -1 -1 ]
P = [ 1.5  0.5; 0.5  1 ]
```

ஊகித்த P-யில் இல்லாமல் போனது அந்த 0.5, அதாவது x1, x2 இரண்டும் சேர்ந்த குறுக்கு உறுப்பு. அது மீண்டும் ஒருமுறை கைகொடுக்கப் போகிறது.

V' ≤ 0 என்பதும் V' < 0 என்பதும் ஒன்றல்ல

ஆற்றல் சார்புக்குத் திரும்புவோம். V' = -b·x2². இது எங்கும் நேர்மமாவதில்லை, ஆனால் x2 = 0 என்ற கோடு முழுவதும் பூஜ்யம். ஆகவே இந்தக் கணக்கு நேரடியாகத் தருவது நிலைத்தன்மையை மட்டுமே. பாதைகள் காலப்போக்கில் சமநிலையையே சென்று சேரும் என்ற அசிம்டாடிக் நிலைத்தன்மை இதில் இன்னும் இல்லை. b = 0 ஆக இருந்தால் V' எங்கும் பூஜ்யம், ஊசல் என்றென்றும் ஆடும், அப்போதும் கீழ்நிலை நிலையானதுதான். ‘நிலையானது’ என்ற சொல் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது இதிலேயே தெரியும்.

இடைவெளியை நிரப்பும் வழி, பர்பாஷின், கிராசோவ்ஸ்கி இருவரும் 1952-இலும் லசால் 1960-இலும் தந்த வாதம். V' பூஜ்யமாகும் இடங்களிலேயே எப்போதும் தங்கியிருக்கக்கூடிய பாதைகள் எவை என்று கேட்க வேண்டும். x2 எப்போதும் 0 என்றால் x2'-உம் 0. இரண்டாம் சமன்பாடு அப்போது sin x1 = 0 என்கிறது. |x1| < π என்ற பட்டைக்குள் அதற்கு x1 = 0 மட்டுமே விடை. எனவே எல்லைக்குட்பட்ட ஒரு மாறாப் பகுதிக்குள் தொடங்கும் பாதைகள் அனைத்தும் அங்கே வந்து சேரும்.

‘V' = 0 ஆகும் புள்ளிகளின் கணத்துக்குப் பாதைகள் போகின்றன’ என்று இந்த வாதத்தைச் சுருக்கிவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் கணம் இங்கே ஒரு முழுக் கோடு. ஊசல் ஒவ்வொரு வீச்சின் உச்சியிலும் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடும். அங்கேயே தங்க முடியுமா என்ற கேள்விதான் வாதத்தின் உயிர்.

லசாலைத் தவிர்க்க விரும்பினால் V-யிலேயே குறுக்கு உறுப்பைச் சேர்க்கலாம்:

```
W  = 2*(1 - cos x1) + x2^2/2 + (b*x1 + x2)^2/2
W' = -b*x1*sin x1 - b*x2^2
```

b·x1 + x2 என்ற கூட்டின் வகைக்கெழு வெறும் -sin x1 என்பதைக் கவனித்தால் இந்தக் கணக்கு ஒரு நிமிட வேலை. |x1| < π-க்குள், சமநிலைப் புள்ளியைத் தவிர எல்லா இடத்திலும் W' கறாராக எதிர்மம்.

குறி சரியாக இருக்கும் பகுதி வேறு, ஈர்ப்புப் பகுதி வேறு

இதுதான் நடைமுறையில் அதிகம் விலை வாங்கும் தவறு என்பேன், ஏனென்றால் இதைச் செய்தவருக்குக் கணக்கில் பிழையே தென்படாது. W' < 0 என்பது |x1| < π பட்டை முழுவதும் உண்மை. அப்படியானால் அந்தப் பட்டையில் எங்கே தொடங்கினாலும் ஊசல் x1 = 0-வுக்கு வந்துவிடுமா?

b = 0.1 என்று வைத்து (0, 3) புள்ளியில் தொடங்குங்கள். கோணம் பூஜ்யம், பட்டையின் நட்டநடு. ஆற்றல் 3²/2 = 4.5. தலைகீழ் நிலையைத் தாண்டத் தேவையான ஆற்றல் 1 - cos π = 2. போகும் வழியில் உராய்வு தின்னும் ஆற்றல் b·x2-ஐ x1 வழியே தொகையிட்டால் கிடைப்பது. ஆற்றல் குறைந்துகொண்டே போவதால் வேகம் 3-ஐத் தாண்டாது, எனவே இழப்பு அதிகபட்சம் 0.1 × 3 × π, சுமார் 0.94. மிச்சம் 3.5-க்கும் மேல். ஊசல் உச்சியைத் தாண்டிச் சுற்றிவிடும். இத்தனைக்கும் பட்டைக்குள் இருந்தவரை W குறைந்துகொண்டேதான் இருந்தது! W குறைவது பாதையைப் பட்டைக்குள் பிடித்து வைப்பதில்லை.

பிடித்து வைப்பது W ≤ c என்ற கிண்ணம். அந்தக் கிண்ணம் முழுவதும் பட்டைக்குள் அடங்கியிருந்தால்தான் உள்ளே தொடங்கிய பாதை வெளியேற முடியாது. c-ஐக் கண்டுபிடிக்க, பட்டையின் விளிம்பான |x1| = π-இல் W எடுக்கும் மிகச்சிறிய மதிப்பைப் பாருங்கள். x1 = π-இல் x2 = -bπ/2 ஆகும்போது அது வருகிறது: 4 + b²π²/4. c இதைவிடச் சற்றேனும் குறைவாக இருக்க வேண்டும். ஆற்றல் சார்பு V-க்கு இதே கணக்கு c < 2 என்று தரும்.

எந்த V-ஐத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் இங்கே விடையை மாற்றுகிறது. b = 1 என்றால், கோணம் 0-வில் தொடங்கும் ஊசலுக்கு ஆற்றல் சார்பு தரும் பாதுகாப்பான வேகம் 2 வரை. W-யில் எல்லை சுமார் 6.47, x1 = 0-வில் W வெறும் x2², ஆகவே வேகம் 2.54 வரை போகலாம். இரண்டுமே உண்மையான ஈர்ப்புப் பகுதியின் உட்பகுதிகள்தாம். அவற்றுக்கு வெளியே தொடங்கினால் தப்பிப் போய்விடும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை.

‘எங்கும்’ என்று எழுதும் முன்

V எங்கும் நேர்மம், V' எங்கும் எதிர்மம் என்றாலும்கூட எங்கிருந்து தொடங்கினாலும் பாதை வந்து சேரும் என்று சொல்ல முடியாது. புள்ளி எந்தத் திசையில் தொலைவுக்குப் போனாலும் V-உம் முடிவிலிக்குப் போக வேண்டும். பாடநூல்களில் அடிக்கடி வரும் ஓர் எடுத்துக்காட்டு, u = 1 + x1² என்று வைத்து:

```
x1' = -6*x1/u^2 + 2*x2
x2' = -2*(x1 + x2)/u^2
V   = x1^2/(1 + x1^2) + x2^2
V'  = -12*x1^2/u^4 - 4*x2^2/u^2
```

குறிகள் எல்லாம் கச்சிதம். ஆனால் (10, 1)-இல் தொடங்கினால் x1 கூடிக்கொண்டே போகும், திரும்பி வராது. V-இன் முதல் உறுப்பு 1-ஐத் தாண்டாததுதான் காரணம்: c ≥ 1 ஆனதும் V ≤ c என்ற கிண்ணத்துக்கு x1 அச்சின் திசையில் சுவரே இல்லை, V குறையக் குறையவே பாதை அந்தத் திறப்பு வழியாக நழுவிவிடுகிறது. c < 1 கிண்ணங்களுக்குள் எந்தச் சிக்கலும் இல்லை.

லசாலை நேரம் சார்ந்த அமைப்புக்கு நீட்டினால்

கடைசியாக ஒன்று, சின்னது ஆனால் ஏமாற்றக்கூடியது. உராய்வு நேரத்தோடு மாறினால் மேலே செய்த ‘அங்கேயே தங்க முடியுமா’ வாதம் அப்படியே செல்லாது.

```
x'' + (2 + e^t)*x' + x = 0
V  = (x^2 + x'^2)/2
V' = -(2 + e^t)*x'^2
```

உராய்வு எப்போதும் 2-க்கு மேல், V' ≤ 0. ஊசலுக்குச் சொன்னதையே சொல்லி x → 0 என்று எழுதக் கை துடிக்கும். ஆனால் x = 1 + e^(-t) என்பதைச் சமன்பாட்டில் போட்டுச் சரிபாருங்கள்; அது ஒரு தீர்வு, போய் நிற்பது 1-இல். உராய்வு அளவுக்கு மீறி வளர்ந்ததால் பொருள் பாதி வழியிலேயே சிக்கிக்கொண்டது. இத்தகைய அமைப்புகளில் V' ≤ 0 நிலைத்தன்மையை மட்டும் தரும். அதற்கு மேல் வேண்டுமானால் பார்பாலட் துணைத்தேற்றத்தின் நிபந்தனைகளைத் தனியே சரிபார்க்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் தருவது x' → 0 போன்ற ஒரு செய்தியைத்தான். இந்த எடுத்துக்காட்டிலும் x' பூஜ்யத்துக்குத்தான் போகிறது, x போகவில்லை.