மூலங்களின் அடுக்குக் கூட்டுத்தொகை: மீள்வரு தொடர்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பல்லுறுப்புக்கோவைச் சமன்பாட்டின் மூலங்களைக் கண்டுபிடிக்காமலேயே அவற்றின் வர்க்கங்கள், கனங்கள் ஆகியவற்றின் கூட்டுத்தொகையைக் கெழுக்களிலிருந்து பெறும் நியூட்டனின் முறை, சேலத்தில் நான் இயற்கணிதம் கற்பிக்கும் இளங்கலை மாணவர்களுக்கு எளிதாகவே பிடிபடுகிறது. ஆனால் அவர்களது விடைத்தாள்களில் தவறு பெரும்பாலும் தொடக்கத்திலேயே நேர்கிறது.

x³ − 2x² + 3x − 4 = 0 என்பதை எடுத்துக்கொள்வோம். மூலங்களின் k-ஆம் அடுக்குகளின் கூட்டுத்தொகையை Sₖ என்போம். ஒவ்வொரு மூலத்திற்கும் x³ = 2x² − 3x + 4 என்பது உண்மையாதலால், தேவையான அடுக்கால் பெருக்கி மூன்று மூலங்களுக்கும் கூட்டினால் கிடைப்பது:

Sₖ = 2Sₖ₋₁ − 3Sₖ₋₂ + 4Sₖ₋₃

முதல் கெழு 1 ஆக இல்லாவிட்டால், முதலில் அதனால் வகுத்துவிட வேண்டும்.

S₁ = 2 என்பது நேரடியாகத் தெரியும். S₀ என்பது 1 அன்று. மூன்று மூலங்களின் பூச்சிய அடுக்குகளின் கூட்டுத்தொகையாதலால் அது 3 ஆகும். இதை அறிந்த மாணவர்கூட S₂ = 2S₁ − 3S₀ = 4 − 9 = −5 என எழுதிவிடுகிறார். k = 2 எனும்போது மூன்றாவது உறுப்பு 4S₋₁ ஆகும் என்பதையும், அது மறைந்துவிடுவதில்லை என்பதையும் அவர் கவனிப்பதில்லை. மூலங்களின் தலைகீழிகளின் கூட்டுத்தொகையான S₋₁ இங்கு 3/4; ஆகவே S₂ = 4 − 9 + 3 = −2. பாடநூல்கள் இதையே S₂ = 2S₁ − 2·3 என்று எழுதுகின்றன; அந்த 2 எங்கிருந்து வந்தது என்று புரியாமல் மனப்பாடம் செய்பவரே அதை மறக்கிறார். வர்க்கங்களின் கூட்டுத்தொகை குறை எண்ணாக வந்ததைக் கண்டு விடையை அடித்துவிடவும் வேண்டாம். மூலங்கள் யாவும் மெய்யெண்கள் அல்ல என்பதையே அது காட்டுகிறது.

இனி S₃ = 2(−2) − 3(2) + 4(3) = 2. S₀-வை 1 எனக் கொண்டவருக்கு இது −6 ஆகியிருக்கும். மூன்றுக்கு மேல் தனி விதி எதுவும் தேவையில்லை: S₄ = 4 + 6 + 8 = 18, S₅ = 36 − 6 − 8 = 22. அங்கும் S₃-க்குரிய 3 என்ற பெருக்கியைத் தொடர்ந்து போடுவது எதிர்த்திசைத் தவறு.

விடையைச் சோதிக்க மூலங்களைத் தேட வேண்டியதில்லை. கெழுக்கள் முழுக்களாகவும் முதல் கெழு 1 ஆகவும் இருந்தால், p ஒரு பகா எண் எனும்போது Sₚ − S₁ என்பது p-ஆல் மீதியின்றி வகுபடும். இங்கு 22 − 2 = 20 ஐந்தால் வகுபடுகிறது. தவறான S₂ = −5 எனில் −5 − 2 = −7 இரண்டால் வகுபடாது; தவறான S₃ = −6 எனில் −6 − 2 = −8 மூன்றால் வகுபடாது. வகுபட்டால் விடை சரியென்று உறுதியாகிவிடாது; வகுபடாவிட்டால் தவறு நிச்சயம்.