மங்கல் படத்தைப் பார்த்து பெயாரிங் நம்பர் சொல்லும்போது செய்யும் தவறுகள்

கந்தப்பளை, வெலிமடை பக்கம் மரக்கறி செய்பவர்களின் தண்ணீர் மோட்டார் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தால், இப்போதெல்லாம் முதலில் டவுனுக்குப் போவது பஸ் இல்லை, படம்தான். மூடியைக் கழற்றி, போனில் ஒரு படம் எடுத்து, தெரிந்த பையன் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அவர் கடைக்காரருக்கு அனுப்புவார். கடையிலிருந்து "6203 ZZ, இருக்கு" என்று பதில் வரும். டவுனுக்குப் போகும் யாரிடமாவது காசு கொடுத்து எடுத்துவரச் சொல்வார்கள். வந்த சாமான் பொருந்தாவிட்டால் ஒரு நாள் போச்சு, அதற்குள் நாற்று வாடிவிடும்.

பெயாரிங் சின்னச் சாமான்தான். ஆனால் படத்தை வைத்து பொருளைச் சொல்வதில் எங்கே சறுக்குகிறோம் என்று பார்க்க இதைப் போல நல்ல உதாரணம் கிடைக்காது. ஏனென்றால் இதில் சரி, பிழை என்று இரண்டே முடிவு. 40 மில்லிமீட்டர் குழிக்குள் 42 மில்லிமீட்டர் பெயாரிங் போகாது.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். மாலை நேரம், பனி இறங்கியிருக்கிறது, வெளிச்சம் போதாது. மோட்டாரின் சுழலும் பகுதி வெளியே எடுக்கப்பட்டிருக்கிறது, பெயாரிங் இன்னும் தண்டிலேயே இருக்கிறது. அதனால் பெயாரிங்கின் உள்துளை தெரியவில்லை, தண்டு மறைக்கிறது. முகத்தில் கிரீஸ் அப்பியிருக்கிறது. எண்ணில் முதல் இலக்கம் 6, தெளிவு. இரண்டாவது 2 அல்லது 3. மூன்றாவது 0, தெளிவு. கடைசி இலக்கத்தின் கீழ்ப்பாதி கிரீஸுக்குள் போய்விட்டது. மேலே ஒரு வளைவு மட்டும் தெரிகிறது, 2 ஆகவும் இருக்கலாம், 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். பிறகு ஒரு Z.

இதற்கு "6203" என்று பதில் சொல்வதுதான் முதல் தவறு. சொன்னவர் படத்தை வாசிக்கவில்லை, பழக்கத்தை வாசித்திருக்கிறார். சின்ன மோட்டார்களுக்கு 6203 அடிக்கடி போகும், கடையில் தினமும் விற்கும். அந்த அனுபவத்துக்கு மதிப்பு இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் கண்ணால் கண்டதையும் அனுபவத்தால் ஊகித்ததையும் ஒரே எண்ணுக்குள் கலந்து கொடுத்தால், கேட்பவருக்கு எது எது என்று பிரிக்க வழியில்லை. மோட்டாரை முன்பு யாராவது திருத்தி, தண்டைக் கடைந்து வேறு அளவு போட்டிருந்தால் அனுபவமும் கைகொடுக்காது.

படத்திலிருந்து நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: 6202, 6203, 6302, 6303 ஆகிய நாலில் ஒன்று. கடைசி இலக்கம் 8 என்றால் 6208. அதன் வெளிவிட்டம் 80 மில்லிமீட்டர், அதாவது உள்ளங்கை அகலம். படத்தில் பெயாரிங்கைப் பிடித்திருக்கும் விரல்களைப் பார்த்தாலே அது இல்லை என்று தெரியும். 6308 அதைவிடப் பெரிது. இரண்டையும் துணிந்து தள்ளிவிடலாம்.

மிச்சமுள்ள நாலுக்கும் அளவு நிரந்தரம். எந்தக் கம்பனி செய்தாலும் மாறாது. கடைசி இரண்டு இலக்கம் உள்துளையைச் சொல்லும்: 02 என்றால் 15 மில்லிமீட்டர், 03 என்றால் 17. நாலிலிருந்து மேலே கணக்கு இன்னும் சுலபம், ஐந்தால் பெருக்கினால் போதும், 04 என்றால் 20. வெளிவிட்டம் 6202க்கு 35, 6203க்கு 40, 6302க்கு 42, 6303க்கு 47. நாலும் வேறு வேறு. அப்படியென்றால் உள்துளை மறைந்திருந்தாலும் பரவாயில்லை, வெளிவிட்டம் ஒன்றைச் சரியாக அளந்தால் இந்த நாலில் எது என்று முடிவாகிவிடும்.

சந்தேகம் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. "சரியாத் தெரியல அண்ணே, 6203ஆ இருக்கலாம்" என்ற பதிலை வைத்து தோட்டத்தில் இருப்பவர் என்ன செய்வார்? எந்த எண்களுக்கு இடையில் சந்தேகம், எதை அளந்தால் அது தீரும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் கையில் ஒரு வேலை கிடைக்கிறது.

அளக்கச் சொன்னால் அடுத்த தவறு வரும். அடிமட்டத்தை மேசையில் வைத்து, பக்கத்தில் பெயாரிங்கை வைத்து, மேலே இருந்து இன்னொரு படம் எடுத்து அனுப்புவார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும், நம்பத் தோன்றும். ஆனால் பெயாரிங்கின் முகம் மேசையை விட 12 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, அடிமட்டம் மேசையோடு கிடக்கிறது. போனை 20 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்தால், கிட்ட இருக்கும் முகம் ஆறு வீதத்துக்கும் சற்று அதிகமாகப் பெரிதாகத் தெரியும். 40 மில்லிமீட்டர் உள்ள 6203, படத்தில் 42½ என்று காட்டும். பார்ப்பவர் "ஆ, 6302" என்று முடிவு கட்டிவிடுவார். முதல் படம் மங்கல், அதனால் சந்தேகப்பட்டோம். இந்தப் படம் தெளிவு, அதனால் சந்தேகமே வராது. இதுதான் கூடுதல் ஆபத்து. அடிமட்டத்தைப் பெயாரிங்கின் முகத்துக்கு மேலேயே, நடுவைத் தாண்டிப் போகும்படி வைத்து எடுத்தால் இந்தப் பிசகு பெரும்பாலும் போய்விடும். நாணயத்தைப் பக்கத்தில் வைத்து எடுப்பதிலும் இதே கோளாறுதான்.

வேர்னியர் இருந்தால் பேச்சே இல்லை. ஆனால் லயத்தில் யார் வீட்டில் வேர்னியர் இருக்கப் போகிறது? அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. கொப்பித் தாளில் மெல்லிய கீலமாக ஒன்று கிழித்து, பெயாரிங்கின் வெளிவளையத்தைச் சுற்றி இறுக்கமாகச் சுற்ற வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, தாளை விரித்து, இரண்டு கோட்டுக்கும் இடையில் அடிமட்டத்தால் அளக்க வேண்டும். 35க்கு 110 மில்லிமீட்டர் வரும், 40க்கு 126, 42க்கு 132, 47க்கு 148. விட்டத்தில் இரண்டே மில்லிமீட்டர் வித்தியாசம், சுற்றளவில் ஆறாக விரிகிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் விடை மாறாது.

நம் உதாரணத்தில் தாளை அளந்தால் 132 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 6302. கடையிலிருந்து வந்த 6203 பிழை.

இங்கேயும் நின்றுவிடக் கூடாது. நாலில் ஒன்று என்று நாம் பட்டியல் போட்டது கடைசி இலக்கத்தை 2, 3, 8 என்று எடுத்ததால். அது உண்மையில் வேறொன்றாக இருந்தால் பட்டியலே பிழை. 47 மில்லிமீட்டர் வந்திருந்தால் இது உடனே தலைவலியாகும், ஏனென்றால் 6303க்கும் 47, 6204க்கும் 47, அகலமும் இரண்டுக்கும் 14. வெளியே இருந்து எவ்வளவு தெளிவாகப் படம் எடுத்தாலும், எண் தெரியாவிட்டால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. துளைதான் வேறு, 17ம் 20ம். அந்தத் துளைதான் தண்டுக்குள் மறைந்திருக்கிறது. பெயாரிங்கைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த இடத்திலேயே தண்டைத் தாளால் சுற்றிப் பார்க்க வேண்டும்: 15க்கு 47, 17க்கு 53, 20க்கு 63. பெயாரிங்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை அளந்து அனுப்பாதீர்கள். அந்த இடத்தில் தண்டு படிபடியாகச் சிறுத்திருக்கலாம்.

படத்தையே திருத்தினால் இவ்வளவு பாடு தேவையில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் முகத்தைத் துடைத்து, டோர்ச் வெளிச்சத்தைச் சரிவாகப் பக்கத்திலிருந்து அடித்தால் எண்ணின் கீறல்கள் எழும்பித் தெரியும். நேராக அடித்தால் பளபளப்புதான் மிஞ்சும். போனை மிகக் கிட்டக் கொண்டுபோனால் ஃபோக்கஸ் ஆகாது, கொஞ்சம் தள்ளிப் பிடித்து எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டொக்கியூமென்ட் ஆக அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும்.

எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் காட்டாத ஒன்று உண்டு, பெயாரிங்கின் மறுபக்கம். இந்தப் பக்கம் இரும்புத் தகடு தெரிகிறது என்பதற்காக ZZ என்று எழுதிவிடுகிறார்கள். ZZ என்றால் இரண்டு பக்கமும் தகடு, ஒற்றை Z என்றால் ஒரு பக்கம் மட்டும். கறுப்பு ரப்பர் மூடி இரண்டு பக்கமும் இருந்தால் அது 2RS. தண்ணீர் தெறிக்கும் இடத்தில் இந்த வித்தியாசம் பெரிது, தகடு தண்ணீரை ரப்பர் அளவுக்குத் தடுக்காது. C3 என்ற எழுத்தும் அப்படித்தான். உள்ளே பந்துகளுக்கு விடப்பட்ட இடைவெளி சாதாரணத்தை விட அதிகம் என்று அர்த்தம். அதைத் தாளாலோ அடிமட்டத்தாலோ கண்டுபிடிக்க முடியாது, எழுத்தை வாசித்தால் மட்டும்தான் தெரியும். ஆகவே எண் உறுதியானாலும் பின்னெழுத்து உறுதியில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே பதிலில் ஒரு பகுதி உறுதியாகவும் இன்னொரு பகுதி தெரியாமலும் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிலர் உறுதியை வீதத்தில் சொல்கிறார்கள், "எண்பது வீதம் இதுதான்" என்று. இதுவரை பார்த்த படங்களில் எத்தனை சரியாகப் போனது என்று கணக்கு வைத்திருப்பவர் சொன்னால் சரி. மற்றவர்கள் சொல்லும் எண்பது, குரலின் சத்தம்தான். "வாசித்தேன்", "ஊகிக்கிறேன்", "தெரியவில்லை" என்ற மூன்று சொற்கள் அதைவிட அதிகம் சொல்லும்.

இன்னொரு தொல்லை, சந்தேகம் வழியில் தொலைந்துபோவது. கடைக்காரர் "அநேகமா 6203" என்று குரல்பதிவில் சொல்வார். நடுவில் இருக்கும் பையன் "6203" என்று மட்டும் எழுதி அனுப்புவார். டவுனுக்குப் போகிறவர் கையில் துண்டுக் கடதாசியில் அதே நாலு இலக்கம். அவருக்கு அது வைத்தியர் எழுதிய துண்டு மாதிரி. ஆகவே சந்தேகத்தையும் சரிபார்க்கும் வழியையும் எண்ணோடு ஒட்டி, ஒரே செய்தியாக எழுத வேண்டும். இப்படி:

"தம்பி, 6ம் 0வும் வாசித்தேன். இரண்டாவது இலக்கமும் கடைசி இலக்கமும் தெரியவில்லை. 6202, 6203, 6302, 6303 இல் ஒன்று. தாளால் வெளியே சுற்றி அளந்து சொல்லுங்க: 110, 126, 132, 148. 148 வந்தால் கழற்றித் தண்டையும் அளக்கணும். மறுபக்கமும் ஒரு படம் எடுங்க. இதைச் சொல்லாமல் யாரும் சாமான் எடுக்க வர வேண்டாம்."

அளக்கவே முடியாது, மோட்டார் பள்ளத்தில், இருட்டிவிட்டது, கடைசி பஸ் கிளம்புகிறது என்றால், படத்துக்கு அதிகமாகப் பொருந்தும் இரண்டு அளவையும் பெட்டி பிரிக்காமல் கொடுத்தனுப்பி, போடாததைத் திருப்பி எடுப்பதாகக் கடையில் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். அப்போதும் பெட்டியின் மேல் பேனாவால் "போடுமுன் தண்டில் வைத்துப் பார்க்கவும், தட்ட வேண்டாம்" என்று எழுதிவிடுவது நல்லது. சுத்தியலால் ஒரு முறை தட்டி ஏற்றிய பெயாரிங்கை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது.