'ஏ/பி'க்குப் பின்னால் கணவர் பெயரை எழுதாதீர்கள்

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் பல ஆண்டுகள் எழுத்தராக இருந்தேன். முதலாம் ஆண்டுப் பதிவு நடக்கும் நாட்களில் என் மேசைக்கு வரும் பாரங்களில் ஒரே தவறு திரும்பத் திரும்ப இருக்கும். தகப்பன் பெயர்க் கட்டத்தில் 'ரவி ஏ/எல் முனியாண்டி' என்று சரியாக இருக்கும். தாயின் பெயர்க் கட்டத்தில் 'கவிதா ஏ/பி ரவி' என்று இருக்கும்.

“தங்கச்சி, உன் அப்பா பெயர் என்ன?” என்று கேட்பேன்.

“சுப்பிரமணியம், அக்கா.”

“அப்படியானால் ரவி யார்?”

“என் வீட்டுக்காரர்.”

'ஏ/பி' என்பது 'அனாக் பெரம்புவான்' என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம். இன்னாருடைய மகள் என்று பொருள். 'ஏ/எல்' என்றால் இன்னாருடைய மகன். அதன் பின்னால் கணவர் பெயரை எழுதினால், அந்தப் பெண் கணவருக்கே மகள் ஆகிவிடுகிறாள். இதைச் சொன்னதும் பல பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அது அவர்கள் குற்றமில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஊரே திருமதி கவிதா ரவி என்று அழைக்கிறது. அழைப்பிதழில், கோயில் அர்ச்சனைச் சீட்டில், சங்கத்து உறுப்பினர் பட்டியலில் எல்லாம் அதுதான் பெயர். பாரத்திலும் கை அப்படியே எழுதிவிடுகிறது.

மலேசியாவில் திருமணப் பதிவு மனைவியின் பெயரை மாற்றுவதில்லை. அடையாள அட்டையில் கல்யாணத்துக்கு முன் என்ன இருந்ததோ, அதுவேதான் பின்னும் இருக்கும். 12 இலக்க எண்ணும் மாறாது. கடப்பிதழும், வங்கிக் கணக்கும், சேமநிதியும் அந்த அட்டையைப் பார்த்தே எழுதப்படுகின்றன. அப்படியானால் அவர் இன்னாருக்கு மனைவி என்பதை எந்தத் தாள் சொல்கிறது? திருமணச் சான்றிதழ் மட்டும்தான். அதில் இருவர் பெயரும் அடையாள அட்டை எண்களும் அருகருகே இருக்கும். மனைவியின் பெயருக்கும் கணவர் பெயருக்கும் இடையே உள்ள ஒரே பாலம் அதுதான். நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை, அந்தப் பாலம் செய்ய வேண்டிய வேலையைப் பெயரின் தலையில் ஏற்றியதால் வந்தவை.

இந்தத் தவறு எங்கள் குடும்பத்திலும் நடந்தது. கோலாலம்பூரில் இருக்கும் என் அண்ணன் மகளும் மாப்பிள்ளையும், குழந்தைக்குச் சமயபுரத்தில் முடியிறக்குவதாக நேர்ந்துகொண்டு திருச்சிக்கு டிக்கெட் எடுத்தார்கள். இங்கே அவளையும் கவிதா என்றே சொல்கிறேன். அவளுடைய கடப்பிதழில் இருக்கும் பெயர் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

```
KAVITHA A/P SUBRAMANIAM
```

மாப்பிள்ளை கணினியில் எடுத்த டிக்கெட்டில் இருந்த பெயர்:

```
KAVITHA RAVI
```

அவர் செய்ததற்குக் காரணம் இருந்தது. முன்பதிவுப் பக்கம் பெயரை இரண்டாகப் பிரித்துக் கேட்டது. ஒன்று சொந்தப் பெயர், மற்றது குடும்பப் பெயர். குடும்பமாகப் போகிறோம், குடும்பப் பெயர் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று நினைத்து, மனைவிக்கும் குழந்தைக்கும் தன் பெயரையே போட்டுவிட்டார். குழந்தைக்கு அது பொருந்தியது, ஏனென்றால் குழந்தை ரவியின் மகன். மனைவிக்குப் பொருந்தவில்லை.

இந்திய விசாவைக் கடப்பிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்பியதால் அது சரியாகவே வந்திருந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விமான நிலையத்தில் பெட்டிகளைப் போடும் முகப்பில்தான் நின்றது. கடப்பிதழில் சுப்பிரமணியம், விசாவில் சுப்பிரமணியம், டிக்கெட்டில் மட்டும் ரவி. எழுத்துப் பிழை என்றால் திருத்தலாம், இது வேறொரு பெயர் என்று சொல்லிவிட்டார்கள். என் மருமகள் எனக்கு அழைத்து, “அத்தை, கல்யாணச் சான்றிதழைக் காட்டினால் விடுவார்களா?” என்று அழுதாள். காட்டியிருந்தாலும் பயனில்லை. இவர் ரவியின் மனைவி என்று சான்றிதழ் சொல்லும். இவர் பெயரே கவிதா ரவி என்று அது எங்கும் சொல்லாது. மறுநாள் விமானத்துக்குப் புதிய டிக்கெட் வாங்கித்தான் போனார்கள்.

நம் கடப்பிதழில் பெயர் ஒரே கட்டத்தில், பிரிக்கப்படாமல் இருக்கிறது. குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று அதில் இல்லை. வெளிநாட்டு முன்பதிவுப் பக்கங்கள் நம்மைப் பிரிக்கச் சொல்லும்போதுதான் குழப்பம் பிறக்கிறது. பிரித்தே ஆக வேண்டும் என்றால் தகப்பன் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போகட்டும். கணவர் பெயருக்கு அங்கே இடமே இல்லை. டிக்கெட்டில் எப்படிப் பிரித்தீர்களோ, விசாவிலும் அப்படியே பிரியுங்கள். 'ஏ/பி'யின் நடுவில் வரும் சாய்கோட்டைப் பல முன்பதிவுப் பக்கங்கள் ஏற்பதில்லை. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக அச்சிடப்பட்ட இரண்டு வரிகளைப் பாருங்கள். அங்கும் சாய்கோடு இருக்காது. அந்த வரிகளுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் எண்களும் `<` குறியும் மட்டுமே அனுமதி. பெயர் அங்கே எந்த எழுத்துகளில், எந்த வரிசையில் நிற்கிறதோ, அதைப் பார்த்து எழுதினால் போதும். கணவர் பெயரை எழுத இந்திய விசா பாரத்திலேயே தனிக் கட்டம் உண்டு, துணைவர் விவரம் என்ற பகுதியில். அதே பாரத்தில், எப்போதாவது பெயரை மாற்றியிருக்கிறீர்களா என்றும் கேட்பார்கள். கல்யாணம் ஆகிவிட்டது என்பதற்காக அதற்கு ஆம் என்று போடாதீர்கள். அட்டையில் மாறாத பெயர் மாறாத பெயர்தான்.

காசோலையிலும் இதே கதைதான். பள்ளியில் ஒரு நிகழ்ச்சிக்குச் சமையல் செய்துகொடுத்த ஓர் அம்மாவுக்கு, அவரையும் கவிதா என்றே வைத்துக்கொள்வோம், மரியாதையாகத் திருமதி கவிதா ரவி என்று எழுதிக் காசோலை கொடுத்தோம். அவருடைய கணக்கு கவிதா ஏ/பி சுப்பிரமணியம் என்ற பெயரில் இருந்தது. வங்கி திருப்பி அனுப்பியது. அவர் மீண்டும் பஸ் ஏறிப் பள்ளிக்கு வந்து நின்றபோது எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து, பணம் கொடுக்கும் இடத்தில் அட்டையில் உள்ள பெயரைக் கேட்டு எழுதுவதே மரியாதை என்று வைத்துக்கொண்டேன்.

பிறப்புப் பத்திரத்துக்கும் அடையாள அட்டைக்கும் இடையே உள்ள வேறுபாடு மூத்த பெண்களுக்குத்தான் அதிகம். பழைய பிறப்புப் பத்திரங்களில் 'ஏ/பி' இருக்காது. மகள் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கமான 'டி/ஓ' இருக்கும். தகப்பன் பெயரும் அன்றைய எழுத்தர் காதில் விழுந்தபடி ஓரெழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். உள்நாட்டில் அடையாள அட்டை எண் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். வெளிநாட்டில் அந்த எண்ணை யாரும் அறியமாட்டார்கள். அங்கே காட்ட வேண்டியிருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் உறுதிமொழிப் பத்திரம் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

சிலர் உண்மையிலேயே பெயரை மாற்றிக்கொள்ள விரும்புகிறார்கள். அது அவரவர் உரிமை. நான் தடுக்கமாட்டேன். ஆனால் வசதியான இடத்திலிருந்து தொடங்குவது தவறு. வேலையிடத்தில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர் என்று ஆக்கிவிட்டுப் பிறகு அட்டையை மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். முதலில் உறுதிமொழிப் பத்திரம், அதை எடுத்துக்கொண்டு தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பம். ஏற்பதும் மறுப்பதும் இலாகாவின் முடிவு. புதிய அட்டை கைக்கு வந்த பிறகுதான் கடப்பிதழ். அதையும் புதிதாகவே எடுக்க வேண்டும், அதன் பிறகே வங்கி, சேமநிதி, வருமான வரி, ஓட்டுநர் உரிமம். இவ்வளவும் முடிந்த பிறகும் பிறப்புப் பத்திரம் பழைய பெயரையே சொல்லும். அதனால் அந்த உறுதிமொழிப் பத்திரத்தின் மூலப்படியை வாழ்நாள் முழுவதும் பத்திரப்படுத்த வேண்டியிருக்கும். பயணம் ஏற்பாடாகியிருக்கும் மாதத்தில் இதைத் தொடங்கவே வேண்டாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இனிச் சொல்லப்போவது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த நாளுக்குப் பிறகு கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவும் வேண்டும். அப்படியும் பதியாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். ஊர் திருமதி என்று அழைக்கிறது, இருபது ஆண்டுகளாகக் கணவர் பெயரைச் சேர்த்தே கையெழுத்திடுகிறார், அதனால் தானே சட்டப்படி மனைவி என்று நம்புகிறார். கணவர் இறந்த பிறகு எங்கள் பள்ளிக்கு உதவி கேட்டு வந்த ஒரு பெண்மணி, கோயில் மண்டபத்தின் ரசீதையும் கல்யாண ஆல்பத்தையும் மேசைமேல் வைத்தார். ஆல்பத்தின் நெகிழித்தாளுக்கு அடியில், தாலி கட்டும் படம் மஞ்சளேறிப்போய் இருந்தது. அவருடைய அட்டையில் தகப்பன் பெயர். இறந்தவரின் அட்டையில் இவரைப் பற்றி ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவே வைக்க ஒரு தாள் இல்லை.

பதியாத திருமணம் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் தொடுகிறது. பெற்றோருக்குத் திருமணப் பதிவு இல்லையென்றால், தகப்பன் பெயரைப் பதிய இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும். தகப்பன் கூட வராவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே நிற்கும்.

1982க்கு முன் முறைப்படி கோயிலிலோ வீட்டிலோ கல்யாணம் செய்துகொண்ட பாட்டிமார் பயப்பட வேண்டாம். அந்தத் திருமணங்களைச் சட்டம் ஏற்கிறது. விரும்பினால் இப்போதும் பதிந்து சான்றிதழ் பெறலாம். இருவரும் உயிரோடு இருக்கும்போதே தாத்தாவையும் அழைத்துக்கொண்டு போய்ப் பதிந்துவிடுங்கள்.

பதிவுநாளன்று கையெழுத்திடும் முன் சான்றிதழைக் கையில் வாங்கி, அடையாள அட்டையை அதன் மேல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள். கூட்டமும் பூமாலையும் அவசரப்படுத்தும், படம் எடுப்பவர் இந்தப் பக்கம் பார்க்கச் சொல்வார். அவர் இரண்டு நிமிடம் காத்திருக்கட்டும். பெயருக்குள் ஓர் எழுத்து விடுபட்டிருந்தால் அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். என் மருமகள் இப்போது அந்தச் சான்றிதழின் நகலைக் கடப்பிதழ் உறைக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறாள். டிக்கெட்டையும் அவளே எடுக்கிறாள்.