பத்து வட்டி, ஆனால் நாளுக்கு: காலைக் கடனில் கணக்குத் தப்பும் இடங்கள்

செல்லூரில் எங்கள் தெருவுக்குக் கூடையில் காய் கொண்டுவரும் அக்கா ஒருவர் இருக்கிறார். விடியற்காலை மாட்டுத்தாவணி சந்தைக்குப் போய்ச் சரக்கு எடுப்பார். சரக்கு எடுக்கும் பணம் அவருடையது அல்ல. சந்தை வாசலிலேயே ஒருவர் 900 ரூபாயை எண்ணிக் கொடுப்பார். மாலையில் அவரே வந்து 1,000 ரூபாயாக வாங்கிக்கொண்டு போவார். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை. மறுநாள் விடிந்தால் மறுபடியும் 900.

"என்ன வட்டி அக்கா?" என்று கேட்டேன். "பத்து வட்டிதான் தம்பி" என்றார்.

முதல் தவறு இந்தப் பதிலிலேயே இருக்கிறது. நம் ஊரில் "இரண்டு வட்டி", "மூன்று வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்று பொருள். நகையை அடகு வைக்கிறவரும் நிலத்தின் பேரில் கடன் வாங்குகிறவரும் அப்படித்தான் பேசுவார்கள். காலங்காலமாகக் காதில் விழுந்த பேச்சு என்பதால் "மாதத்துக்கு" என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. நாள் வட்டிக்காரரும் அதே சொல்லைத்தான் சொல்கிறார். அவர் சொல்லாமல் விட்ட சொல் "நாளுக்கு". கேட்பவர் மனதில் பத்து வட்டி என்பது கொஞ்சம் கூடுதலான மாத வட்டியைப் போலப் பதிந்துவிடுகிறது. உண்மையில் அது அதைப் போல முப்பது மடங்கு. எனவே யார் எந்த வட்டியைச் சொன்னாலும் "நாளுக்கா, வாரத்துக்கா, மாதத்துக்கா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது, அது பத்துகூட இல்லை. வட்டியை முன்கூட்டியே கழித்துக்கொண்டுதான் பணம் கைக்கு வருகிறது. அக்கா திருப்பித் தருவது 1,000 என்பதால் ஆயிரத்துக்கு நூறு, அதாவது பத்து சதவீதம் என்று கணக்குப் போடுகிறார். ஆனால் ஆயிரம் ரூபாய் அவர் கையில் ஒரு நிமிடம்கூட இருந்ததில்லை. அவர் சரக்கு எடுத்தது 900 ரூபாய்க்கு. 900க்கு 100 என்றால் நாளைக்கு 11.1 சதவீதம். தண்டல், வாரக் கடன் எல்லாவற்றிலும் இதே பிழைதான் நடக்கிறது. வட்டியை எப்போதும் கையில் வாங்கிய தொகையின் மேல்தான் வகுக்க வேண்டும், எழுதிய தொகையின் மேல் அல்ல.

இனி ஆண்டுக் கணக்கு. இங்கே படித்தவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள். நாளைக்கு 11.1 சதவீதம் என்று கேட்டதும் கால்குலேட்டரை எடுத்துக் கூட்டு வட்டி போட்டுவிடுகிறார்கள். வட்டிக்கு வட்டி சேர்த்து 300 நாள் ஓட்டினால் அந்த 900 ரூபாய் உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் உற்பத்தி செய்வதை விடப் பெரிய தொகையாகிவிடும். கேட்க அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் அக்காவின் நிலை அது அல்ல. அவர் ஒவ்வொரு மாலையும் அசலையும் வட்டியையும் அடைத்துவிடுகிறார். வட்டி குட்டி போட இடமே இல்லை. இப்படி ஒரு தொகையைச் சொல்லி அவரைப் பயமுறுத்தப் போனால், "எனக்கு அப்படியெல்லாம் கடன் ஏறவில்லையே தம்பி" என்று எழுந்து போய்விடுவார். அவர் சொல்வது சரியும்கூட.

சரியான கணக்கு எளியது. மழை, காய்ச்சல், வீட்டு விசேஷம் எல்லாம் போக ஆண்டில் 300 நாள் அவர் கூடையைத் தூக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 100 ரூபாய் என்றால் 30,000 ரூபாய். எதற்காக இந்த முப்பதாயிரம்? 900 ரூபாயைப் பயன்படுத்திக்கொள்ள. சதவீதமாகச் சொன்னால் ஆண்டுக்கு 3,333. ஆனால் அக்காவுக்குச் சதவீதம் தேவையில்லை. "ஒரே தொள்ளாயிரம் ரூபாய்க்கு வருடம் முப்பதாயிரம் வாடகை கொடுக்கிறீர்கள்" என்றேன். கூடையின் ஓரத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு அவர் சொன்ன பதிலில் நியாயம் இருந்தது. "அந்தத் தொள்ளாயிரம் இல்லாவிட்டால் அன்றைக்கு வருமானமே இல்லையே." ஆம், ஒரு நாளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் கடன் வாங்குவதே லாபம். 900 ரூபாய்க்கு எடுத்த சரக்கு நல்ல நாளில் 1,350க்குப் போகிறது. ஷேர் ஆட்டோவுக்கும் சுமைக்கும் 60, டீ, சாப்பாட்டுக்கு 40 போனால் மிச்சம் 350. அதில் வட்டி 100. வீட்டுக்குப் போவது 250. கடன் வாங்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த 250ம் இல்லை.

தவறு எங்கே வருகிறது என்றால், வட்டியை விற்பனையோடு ஒப்பிடும்போது. 1,350 ரூபாய் புரளும் இடத்தில் 100 ரூபாய் சிறிதாகத் தெரிகிறது. டீ, ஆட்டோ மாதிரி அதுவும் ஒரு செலவு என்று மனம் சமாதானம் ஆகிவிடுகிறது. ஒப்பிட வேண்டியது மிச்சமாகும் 350 ரூபாயோடு. உழைப்பில் கிடைத்ததில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வட்டிக்குப் போகிறது. ஆண்டுக்கு அவர் வீட்டுக்குக் கொண்டுபோவது 75,000 என்றால், வட்டிக்காரர் கொண்டுபோவது 30,000.

கூட்டு வட்டி எப்போது உண்மையாகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விற்காத நாளில்தான். ஐப்பசி மழையில் ஒரு நாள் 700 ரூபாய்க்குத்தான் விற்றது, அதிலும் பாதி வீட்டுக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். "இன்றைக்கு வட்டியை மட்டும் கொடு" என்பார் கொடுத்தவர். நூறைக் கொடுத்தால் ஆயிரம் அப்படியே நிற்கும். அந்த நூறும் கொடுக்க முடியாமல் போனால் கணக்கு 1,100 ஆகும், மறுநாள் வட்டி 110. இப்படியே ஏழு நாள் நின்றால் 1,949. ஒரு வாரத்தில் கடன் இரட்டிப்பு. அசலை நிற்க வைத்துவிட்டு மறுநாள் காலை சரக்குக்குப் புதிதாக ஒரு 900 வாங்குவது இதைவிட மோசம். அன்றிலிருந்து ஒரே கூடைக்கு இரண்டு கடனின் வட்டி ஓடும். விற்காத நாளில் முதலில் செய்ய வேண்டியது பழைய கடனை முடிப்பதுதான். மறுநாள் கூடை பாதி நிறைந்தாலும் பரவாயில்லை.

இதிலிருந்து வெளியே வர எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலோர் ஒரு பெரிய தொகையைச் சொல்வார்கள். எங்கேயாவது பத்தாயிரம் கிடைத்தால் தலை நிமிரலாம் என்பார்கள். வேண்டியது 900 ரூபாய்தான். அக்காவும் நானும் போட்ட கணக்கு இது. தினமும் 20 ரூபாயைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். 23 நாளில் 460 ரூபாய் சேரும். அதுவரை கடன் அப்படியே ஓடட்டும். 24ஆம் நாள் காலை 450 மட்டும் வாங்க வேண்டும், மாலையில் 500 கொடுக்க வேண்டும். வட்டி ஐம்பதாகக் குறைந்துவிட்டது. மிச்சமாகும் 50ஐயும் பழைய 20ஐயும் சேர்த்து நாளைக்கு 70 எடுத்து வைத்தால், இன்னும் ஏழு நாளில் பாக்கி முதலும் சேர்ந்துவிடும். மொத்தம் முப்பது வியாபார நாள்.

காகிதத்தில் இது அழகாக இருக்கிறது. நடப்பில் இரண்டு இடத்தில் உடையும். ஒன்று, சேர்த்த பணம் முந்தானை முடிச்சிலோ சமையலறை டப்பாவிலோ இருந்தால் அது முதல் அல்ல, வீட்டுப் பணம். பேரனுக்கு நோட்டு, மருமகளுக்கு மருந்து என்று கரைந்துவிடும். மாலையில் எண்ணும்போது முதலில் சரக்குப் பணத்தைப் பிரித்து வேறு பையில் போட்ட பிறகுதான் மிச்சத்தை வருமானம் என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, கடன் அடைந்த பிறகு வரும் முதல் கெட்ட நாள். 2007இல் சென்னை கோயம்பேட்டில் ஆய்வாளர்கள் சிலர் வியாபாரிகளின் வட்டிக் கடனைத் தாங்களே அடைத்துப் பார்த்தார்கள். சிலர் சீக்கிரம், சிலர் தாமதமாக என்று பெரும்பாலோர் மறுபடியும் வட்டிக் கடனுக்கே திரும்பிவிட்டார்கள். அக்காவின் வியாபாரத்தைப் பார்த்தவருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. முதல் 900 சேர்ந்ததும் நிறுத்தாமல் இன்னொரு முந்நூறு ரூபாயாவது அழுகும் சரக்குக்கும் மழைக்கும் என்று வைத்திருக்க வேண்டும்.

மண்டியில் சரக்கைக் கடனாக எடுத்தால் வட்டி இல்லை என்று நினைப்பதும் தவறு. ரொக்கத்துக்கு என்ன விலை, மாலையில் கொடுத்தால் என்ன விலை என்று இரண்டையும் கேட்டுப் பார்த்தால் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

வங்கிக் கடனுக்கு வழி இருக்கிறது. தெருவோர வியாபாரிகளுக்காக 2020இல் தொடங்கிய பிஎம் ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணைக் கடன் பத்தாயிரமாக இருந்தது, 2025இல் அதைப் பதினைந்தாயிரமாக உயர்த்தினார்கள். ஒழுங்காகக் கட்டினால் ஏழு சதவீத வட்டி மானியம் கணக்கில் திரும்ப வரும். ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி என்று வைத்தால்கூட, 15,000 ரூபாயை மாதத் தவணையில் ஓர் ஆண்டில் அடைக்க மொத்த வட்டி ஏறத்தாழ 1,000 ரூபாய்தான். அக்கா பத்து நாளில் கொடுக்கும் வட்டி அது. ஆனால் மாநகராட்சியின் விற்பனைச் சான்றோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். பணம் கிடைத்ததும் வீட்டுச் செலவில் போட்டுவிட்டு, காலையில் பழையபடி 900 வாங்குகிறவர்களுக்கு இரண்டு கடன்தான் மிஞ்சும்.

சட்டமும் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. மிரட்டலோ அடியோ வந்தால் அதைப் பயன்படுத்தத்தான் வேண்டும். மற்றபடி, நாளைக் காலைச் சரக்குக்குப் பணம் தரும் கையின் மேலேயே இன்றைக்கு யார் புகார் கொடுப்பார்கள்?

அக்கா 23 நாளில் அரைக்கடனுக்கு வந்தார். அடுத்த வாரம் இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டது. சேர்த்ததில் நூற்றைம்பது போயிற்று. போன வியாழக்கிழமை வெண்டைக்காய் எடை போட்டபடி, "இன்றைக்கும் நானூற்றைம்பதுதான் வாங்கினேன்" என்றார்.