n பெரிது என்பதற்காகப் பாய்சான் வந்துவிடாது

1944 ஜூன் மாதம் ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகள் லண்டன் மீது விழத் தொடங்கின. சில பகுதிகள் மீண்டும் மீண்டும் அடிபட்டன, சில இடங்களில் ஒன்றுகூட விழவில்லை. குறிபார்த்து அடிக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. காப்பீட்டுக் கணிப்பாளரான ஆர். டி. கிளார்க் 1946-இல் ஒரு சிறு கட்டுரையில் அதைச் சோதித்துப் பார்த்தார். தென் லண்டனில் 144 சதுர கிலோமீட்டர் பரப்பை எடுத்து, கால் சதுர கிலோமீட்டர் வீதம் 576 கட்டங்களாகப் பிரித்தார். அந்தப் பரப்பில் விழுந்த குண்டுகள் 537.

ஏதாவது ஒரு கட்டத்தை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பொறுத்தவரை 537 முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஒவ்வொரு முயற்சியிலும் குண்டு அங்கே விழும் நிகழ்தகவு 1/576. ஆகவே இது n = 537, p = 1/576 கொண்ட ஈருறுப்புப் பரவல். சராசரி λ = np = 0.932. n பெரிதாகவும் p சிறிதாகவும் இருக்கும்போது ஈருறுப்புக்குப் பதிலாக, λ-ஐ மட்டும் கொண்டு கணக்கிடும் பாய்சான் பரவலை வைப்பது வழக்கம். அது தரும் கணக்கும் கிளார்க் எண்ணியதும் இப்படி அமைந்தன:

| ஒரு கட்டத்தில் குண்டுகள் | பாய்சான் கணக்கு | உண்மையில் |
|---|---|---|
| 0 | 226.7 | 229 |
| 1 | 211.4 | 211 |
| 2 | 98.5 | 93 |
| 3 | 30.6 | 35 |
| 4 | 7.1 | 7 |
| 5-ம் அதற்கு மேலும் | 1.6 | 1 |

குறிபார்த்து அடித்ததற்கான தடயம் இந்த அட்டவணையில் இல்லை. மாணவர்களும் தரவோடு வேலை செய்பவர்களும் சறுக்கும் இடங்களையெல்லாம் இந்த ஒரே எடுத்துக்காட்டில் பார்த்துவிடலாம்.

முதல் சறுக்கல், ஈருறுப்பிலிருந்து பாய்சானுக்குப் போக n-ஐ முடிவிலிக்குக் கொண்டுபோய் எல்லையை எடுக்கும்போதே நேர்கிறது. குண்டே விழாமல் இருக்கும் நிகழ்தகவு (1 − λ/n)^n. "n முடிவிலியை நோக்கிப் போனால் λ/n பூச்சியமாகிவிடும், அடைப்புக்குள் 1 மிஞ்சும், 1-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1தான்" என்று முடித்துவிடுபவர்கள் உண்டு. அது சரியென்றால் 576 கட்டங்களிலும் ஒரு குண்டுகூட விழுந்திருக்கக் கூடாது. வேறு சிலர் p-ஐ மாற்றாமல் n-ஐ மட்டும் பெருக்குவார்கள். அப்போது (1 − p)^n பூச்சியமாகிவிடும், அதாவது எந்தக் கட்டமும் தப்பியிருக்காது. n ஏறும்போது p அதே விகிதத்தில் இறங்கி, np நிலையாக நிற்க வேண்டும். அடைப்புக்குள் இருப்பது 1-ஐ நெருங்கும் வேகமும் அடுக்கு ஏறும் வேகமும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால்தான் e^(−λ) கிடைக்கிறது. நம் எண்களைப் போட்டுப் பார்த்தால், ஈருறுப்புக் கணக்கில் (575/576)^537 = 0.3933, பாய்சானில் e^(−0.9323) = 0.3937. கட்டங்களாக மாற்றினால் 226.6-க்கும் 226.7-க்கும் உள்ள வேறுபாடுதான்.

இரண்டாவது தவறு இதைவிடப் பரவலானது: n பெரிதாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கை. இதைச் சோதிக்கப் புதுத் தரவு தேவையில்லை. அதே 537 குண்டுகள் இருக்கட்டும். பரப்பை மட்டும் 576 கட்டங்களுக்குப் பதில் நான்கு பெரிய காற்பகுதிகளாகப் பிரியுங்கள். n மாறவில்லை, p மட்டும் 1/4 ஆகிவிட்டது. ஒரு காற்பகுதிக்குச் சராசரி 134.25 குண்டுகள். பாய்சானை வைத்தால் பரவற்படியும் அதே 134.25, திட்டவிலக்கம் 11.6. உண்மையான ஈருறுப்புப் பரவற்படியோ np(1 − p) = 100.7, திட்டவிலக்கம் 10.0. பாய்சான் இங்கே தேவைக்கு மேல் அகலமாக விரிகிறது. (1 − p) என்ற அந்த ஒற்றைக் காரணியை 1 என்று எடுத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி, அதற்கு n பதில் சொல்லாது.

ஈருறுப்புக்குப் பதில் பாய்சானை வைப்பதால் வரும் பிழை எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் புள்ளியியலாளர் லூசியன் லெ காம் 1960-இல் நிறுவிய வரம்பு கைகொடுக்கும். எந்த நிகழ்ச்சியை எடுத்தாலும், இரு பரவல்களும் தரும் நிகழ்தகவுகளின் வேறுபாடு np²-ஐத் தாண்டாது. 576 கட்டங்களுக்கு அது 0.0016. நான்கு காற்பகுதிகளுக்கு அதே சூத்திரம் 33-க்கும் மேல் தருகிறது. நிகழ்தகவுகளின் வேறுபாடு எப்படியும் 1-ஐத் தாண்டாது என்பதால், அங்கே இந்த வரம்பு எதையும் உறுதி செய்யவில்லை.

லெ காமின் முடிவு இன்னொரு குழப்பத்தையும் தெளிவாக்குகிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் p வேறுவேறாக இருந்தாலும் குற்றமில்லை. முயற்சிகள் ஒன்றையொன்று சாராமல், எல்லா p-க்களும் சிறியவையாக இருந்தால் போதும், np² இருந்த இடத்தில் அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை வரும். ஆனால் கட்டத்துக்குக் கட்டம் λ மாறுவது வேறு சங்கதி. அங்கே எல்லாக் கட்டங்களையும் ஒரே பாய்சானில் போட்டால் பொருந்தாது. கிளார்க் இதை அறிந்தே செயல்பட்டார்: குண்டு விழும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரே சீராக இருந்த பரப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். குண்டுகள் அடர்ந்து விழுந்த பகுதியையும் அரிதாக விழுந்த பகுதியையும் ஒரே அட்டவணையில் கலந்திருந்தால் பூச்சியங்களும் பெரிய எண்களும் கணக்கைவிடக் கூடியிருக்கும். அதைப் பார்த்து யாராவது "குறிபார்த்தார்கள்" என்று முடிவு கட்டியிருக்கவும் கூடும்.

இனி, கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம். சராசரி கிட்டத்தட்ட 1 என்றால் பெரும்பாலான கட்டங்களில் ஒரு குண்டு விழுந்திருக்கும் என்று மனம் எதிர்பார்க்கிறது. கணக்கோ பூச்சியத்துக்குத்தான் முதலிடம் தருகிறது. அட்டவணையின் கடைசி வரியைப் பாருங்கள். மற்ற வரிகளில் உள்ள குண்டுகளைக் கூட்டினால் 530 வருகிறது. மீதி 7-ம் அந்த ஒரே கட்டத்தில் விழுந்தவை! ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் ஏழோ அதற்கு மேலோ விழும் நிகழ்தகவு ஏறக்குறைய 18,500-இல் ஒன்று. இந்த எண்ணைக் காட்டி "இது தற்செயலாக இருக்கவே முடியாது" என்று வாதிடுவது தவறு. அந்தக் கட்டத்தை நாம் முன்கூட்டியே குறித்துவைக்கவில்லை, 576-லிருந்து பிறகு பொறுக்கினோம். எங்காவது ஒரு கட்டத்தில் அப்படி நிகழும் வாய்ப்பு நூற்றில் மூன்று. அது சற்று அரிது, நம்ப முடியாதது அல்ல. 5-க்கு மேற்பட்டவற்றை ஒன்றாகச் சேர்த்ததால் அட்டவணையில் இந்த ஏழு கண்ணில் படுவதில்லை என்பதும் உண்மை.

கண்ணைவிட நம்பகமான முதல் சோதனை, பரவற்படியைச் சராசரியால் வகுப்பது. கிளார்க்கின் தரவில் பரவற்படி 0.97, சராசரி 0.93, விகிதம் 1.04. பாய்சானுக்கு 1 வர வேண்டும், ஏறக்குறைய அதுவே வந்திருக்கிறது. தெளிவாக 1-க்குக் கீழே போனால் p சிறியதல்ல என்று முதலில் சந்தேகப்படலாம். தெளிவாக மேலே போனால் λ சீராக இல்லை, அல்லது நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று இழுத்துவருகின்றன.

பின்னதற்கு அடிக்கடி காரணமாவது, எதை எண்ணுகிறோம் என்பதைக் கவனிக்காமல் விடுவது. குண்டுகளுக்குப் பதில் இறந்தவர்களை எண்ணியிருந்தால் இதே கட்டங்களில் பாய்சான் தோற்றிருக்கும். ஒருவர் இறப்பதும் அடுத்த வீட்டுக்காரர் இறப்பதும் சார்பற்ற முயற்சிகள் அல்ல, ஒரே குண்டு இருவரையும் கொல்கிறது. கணக்குக்காக ஒவ்வொரு குண்டுக்கும் சரியாகப் பத்து பேர் இறந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 10λ, பரவற்படி 100λ, விகிதம் 10. சாலை விபத்துகளையும் அவற்றில் இறந்தவர்களையும், பேருந்துகளையும் அவற்றில் வந்திறங்கும் பயணிகளையும் ஒரே சூத்திரத்தில் போடும்போது நடப்பதும் இதுவே. விபத்துகளுக்கும் பேருந்துகளுக்கும் பாய்சானை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்பதற்குத் தனியாக இன்னொரு பரவலை அமைக்க வேண்டும்.